வேலை துபாயில், நேர்முகத் தேர்வு தர்மபுரியில்: தேதியை மாத்திக் கேட்டால் கிடைக்குமா?

தர்மபுரி:

வெளிநாட்டில் வேலை பார்க்கிற பையனுக்கு ஊரில் அரசு வேலைக்கான நேர்முகத் தேர்வு அழைப்பு வந்தால், வீட்டில் சந்தோஷமும் கலக்கமும் சேர்ந்தே வரும். "இன்னும் பத்து நாள்தான் இருக்கு, லீவு கிடைக்கலையே. தேதியை மாத்திக் குடுப்பாங்களா? இல்ல, போன்லயே வீடியோவில் பேசிடலாமா?" என்பதுதான் முதல் கேள்வி.

பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கம் இருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் போனவர்கள் பலர் ஊர் வேலைக்கும் விண்ணப்பம் போட்டு வைக்கிறார்கள். ஆன்-லைனில் விண்ணப்பம் போட எந்த நாட்டில் இருந்தாலும் தடை இல்லை. பணம் கட்டுவதும் செல்போனிலேயே முடிந்து விடுகிறது. ஆனால் கடைசிப் படி மட்டும் நேரில் வந்து நிற்க வேண்டியதாக இருக்கிறது. சிக்கலே அங்கேதான்.

இதில் நாள் மாற்றம் எப்போது கிடைக்கும், எப்போது கிடைக்காது, வீடியோ என்று கேட்டால் ஏன் மறுக்கிறார்கள் என்பது பற்றிய விவரம் வருமாறு:-

ரேஷன் கடை வேலைக்கு நேர்முகம்தான் எல்லாம்

முதலில் எந்த வேலைக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் கீழ்நிலைப் பணியிடங்களுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வு கிடையாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப்-4 தேர்விலும் நேர்முகம் இல்லை. குரூப்-1 தேர்வில் இருக்கிறது. அதில் முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 750 மதிப்பெண், நேர்முகத்துக்கு 100 மதிப்பெண்.

நம்ம மாவட்டத்து சாதாரண குடும்பங்களை நேரடியாகத் தொடுவது வேறு ஒன்று. அதுதான் கூட்டுறவுத் துறையின் மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் நடத்துகிற ரேஷன் கடை விற்பனையாளர், கட்டுநர் தேர்வு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு முழுவதும் மாவட்டவாரியாக இந்த அறிவிப்பு வந்தது. நவம்பர் 7 கடைசி நாள். விற்பனையாளருக்கு பிளஸ்-2, கட்டுநருக்கு 10-ம் வகுப்பு தேர்ச்சி போதும். எழுத்துத் தேர்வு கிடையாது. படிப்பில் வாங்கிய மார்க்கும் நேர்முகத் தேர்வும்தான் முடிவு செய்யும்.

சம்பளம் பெரிதில்லை. விற்பனையாளருக்கு முதல் ஓராண்டு மாதம் 6,250 ரூபாய் தொகுப்பூதியம். அதன்பிறகுதான் 8,600 ரூபாயில் தொடங்கும் ஊதிய விகிதம். துபாயில் கட்டிட வேலை பார்க்கிறவர் இதைவிடக் கூடுதலாகவே சம்பாதிப்பார். ஆனாலும் ஏன் இதற்கு ஆசைப்படுகிறார்கள்? சொந்த ஊரில், பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்து பார்க்கலாம். ஒப்பந்தம் முடிந்தது, விசா முடிந்தது என்ற பயம் இல்லை.

எழுத்துத் தேர்வு இருந்தால் அதில் வாங்கிய மார்க்காவது கையில் இருக்கும். இங்கே நேர்முகத்தைத் தவற விட்டால் மொத்தமும் போச்சு. அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் வயது வரம்பும் ஒரு பக்கம் ஓடிக் கொண்டிருக்கும்.

குஜராத் கோர்ட்டு என்ன சொன்னது?

நாள் மாற்றம் கேட்டு மறுக்கப்பட்ட ஒரு வழக்கு 2024 ஜனவரியில் குஜராத் ஐகோர்ட்டுக்கு வந்தது. வெளிநாட்டுப் பயணம் சம்பந்தப்பட்ட வழக்கு அல்ல, பிரசவம் சம்பந்தப்பட்டது. ஆனால் நேர்முகத் தேர்வை மாற்றிக் கேட்கிற எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டிய வழக்கு.

குஜராத் அரசுப் பணியாளர் தேர்வாணையம் உதவி மேலாளர் (நிதி மற்றும் கணக்கு) பதவிக்கு ஆள் எடுத்தது. எழுத்துத் தேர்வில் தேறிய ஒரு பெண்ணுக்கு, ஜனவரி 1 அல்லது 2-ந்தேதி காந்திநகரில் நேர்முகத் தேர்வு என்று 2023 டிசம்பர் 18-ந்தேதி தகவல் வந்தது. அவர் இருந்தது காந்திதாமில். இடையில் சுமார் 300 கிலோ மீட்டர். நம்ம தர்மபுரியில் இருந்து சென்னைக்குப் போகிற அளவு தூரம் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

தகவல் கிடைத்த அன்றைக்கே அவர் தேர்வாணையத்துக்கு எழுதினார். "நான் நிறைமாத கர்ப்பிணி, ஜனவரி முதல் வாரத்தில் பிரசவ தேதி, அவ்வளவு தூரம் வருவது கஷ்டம்" என்பது அதன் சாரம். டிசம்பர் 31-ந்தேதி அவருக்குக் குழந்தை பிறந்தது. உடனே மறுபடியும் இ-மெயில் அனுப்பினார். நாளைத் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் வேறு ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டார். ஜனவரி 2-ந்தேதி வர வேண்டும், அதற்கு மேல் நேரம் தர முடியாது என்று பதில் வந்தது.

அவர் ஐகோர்ட்டுக்குப் போனார். நீதிபதி நிகில் எஸ். காரியல் தேர்வாணையத்தைக் கடுமையாகக் கண்டித்தார். பிரசவம் ஆன மூன்றாவது நாள் ஒரு பெண் எப்படி 300 கிலோ மீட்டர் வர முடியும் என்பதுதான் கேள்வி. நேர்முகத்தைத் தள்ளி வைத்திருக்கலாம், அல்லது விதியில் இடம் இருந்தால் ஆன்-லைன் மாதிரி வேறு வழி தந்திருக்கலாம் என்பது கோர்ட்டின் கருத்து. அந்தப் பதவிக்கான முடிவை வெளியிடக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்.

இதைப் படித்து விட்டு "அப்போ எனக்கும் ஆன்-லைன் தரணும்" என்று கிளம்பி விடக் கூடாது. இந்த வழக்கில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, பிரசவம் அவர் விருப்பப்பட்டுத் தள்ளிப் போடுகிற விஷயம் இல்லை. இரண்டு, தகவல் வந்த அன்றைக்கே, நேர்முகத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே எழுதி விட்டார். அது பதிவில் இருக்கிறது. மூன்று, ஆன்-லைன் பற்றிச் சொல்லும்போது "விதியில் இடம் இருந்தால்" என்று கோர்ட்டே ஒரு நிபந்தனை வைத்தது.

இந்த மூன்றையும் வெளிநாட்டில் இருப்பவர் தன் விஷயத்தோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். சுற்றுலா போனவர், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனவர் கேட்டால், "பயணம் உங்கள் விருப்பம், நேர்முகம் எங்கள் அட்டவணை" என்று சொல்லி விடுவார்கள். ஒப்பந்த வேலையில் இருப்பவர் நிலைமை அதைவிடக் கொஞ்சம் மேல். விடுப்பு முதலாளி கையில் இருக்கிறது. ஆனாலும் அது பிரசவம், விபத்து, ஆபரேஷன் மாதிரி அல்ல. வேலைக்கு விண்ணப்பம் போட்ட நாளிலேயே நேர்முகம் வரும் என்று தெரியும்தானே என்று திருப்பிக் கேட்பார்கள். அதனால் வெளிநாட்டு வேலை என்பதை மட்டும் காரணமாக வைத்து உரிமையாகக் கேட்க முடியாது. கோரிக்கையாகத்தான் வைக்க முடியும்.

கொரோனாவிலும் நேரில்தான்

"கொரோனா காலத்தில் எல்லாமே வீடியோவில் நடந்ததே, இப்போ ஏன் முடியாது?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் நாட்டின் பெரிய தேர்வாணையம் என்ன செய்தது என்று பார்த்தால் பதில் கிடைக்கும்.

ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். பதவிகளுக்கான 2019-ம் ஆண்டு தேர்வின் நேர்முகம் 2020 மார்ச் மாதம் பாதியில் நின்றது. டெல்லியில் 623 பேர் நேர்முகத்துக்கு மிச்சம் இருந்தார்கள். ரெயில்கள் சரியாக ஓடவில்லை. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் வீடியோவுக்கு மாறவில்லை. நான்கு மாதம் தள்ளிப் போட்டு, ஜூலை 20-ந்தேதி முதல் மறுபடி நேரிலேயே நடத்தியது. வருகிறவர்களுக்குப் போக வர விமானக் கட்டணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. முகக் கவசம், கையுறை கொடுத்து உள்ளே உட்கார வைத்தது.

அதாவது, விமானச் செலவைக் கூட ஏற்றுக் கொள்கிறோம், ஆனால் ஆள் நேரில் வர வேண்டும் என்பதுதான் நிலை. கொள்ளைநோய் காலத்திலேயே இப்படி என்றால், ஒருவர் மட்டும் வெளிநாட்டில் இருக்கிறார் என்பதற்காக வீடியோ வைப்பார்களா?

வீடியோ என்றால் ஏன் தயக்கம்?

இதில் அதிகாரிகளின் பிடிவாதம் மட்டும் இல்லை. நேர்முகத் தேர்வு என்று நாம் சொல்கிற அந்த அரைநாளில் உண்மையில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, குழுவின் முன்னால் உட்கார்ந்து பேசுவது. அது ஐந்து, பத்து நிமிடத்தில் முடிந்து விடும். இன்னொன்று சான்றிதழ் சரிபார்ப்பு. வரிசையில் நிற்க வைத்து அசல் மார்க் சீட், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், தமிழ் வழியில் படித்ததற்கான சான்று என்று ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்ப்பார்கள். விண்ணப்பத்தில் இருக்கிற போட்டோவையும் கையெழுத்தையும் ஆளோடு ஒப்பிடுவார்கள்.

பேசுவதை வீடியோவில் செய்து விடலாம். அசல் சான்றிதழைக் கையில் வாங்கித் தடவிப் பார்ப்பதை செல்போன் திரையில் எப்படிச் செய்வது? போலிச் சான்றிதழ், ஆள் மாறாட்டம் என்று கேஸ் போட்டு அலுத்தவர்கள் அவர்கள். கேமராவுக்குப் பின்னால் ஒருத்தர் உட்கார்ந்து பதில் சொல்லிக் கொடுத்தாலும் தெரியாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு அரசு வேலையில் எல்லோருக்கும் சம வாய்ப்பு என்கிறது. ஆயிரம் பேர் பஸ் ஏறி வந்து நேரில் உட்கார, ஒருவருக்கு மட்டும் வீட்டில் இருந்தபடி பேச அனுமதி தந்தால், தேர்வாகாத ஒருவர் அதையே காரணமாகக் காட்டி வழக்குப் போடலாம். மொத்தப் பட்டியலும் நின்று போகும். அந்த பயத்தில்தான் "முடியாது" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார்கள்.

அப்படியானால் வீடியோவே கிடையாதா? இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி கழகத்தின் ஆய்வுக் கூடங்கள் விஞ்ஞானிகளை எடுக்கும்போது, வெளிநாட்டில் இருக்கிற இந்தியர்களை வீடியோ மூலமும் பரிசீலிக்கலாம் என்று அறிவிப்பிலேயே அச்சடித்து விடுகிறார்கள். அங்கே யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. எல்லோருக்கும் முன்பே சொல்லி விட்டதால், யாருக்கும் தனிச் சலுகை என்ற பேச்சும் வராது.

ஆக, வீடியோ கிடைப்பதும் கிடைக்காததும் உங்கள் கஷ்டத்தைப் பொறுத்தது இல்லை. அறிவிப்பில் அந்த வரி இருக்கிறதா, இல்லையா என்பதைப் பொறுத்தது. விண்ணப்பம் போடும்போதே அறிவிப்பை முழுவதும் படித்து அந்த வரியைத் தேடுங்கள். இல்லையென்றால் வீடியோ ஆசையை அங்கேயே விட்டு விடலாம்.

நாள் மாற்றம் கேட்பது வேறு

வீடியோ கேட்பதற்கும் நாள் மாற்றம் கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதிகம் பேர் விண்ணப்பித்த தேர்வில் நேர்முகம் ஒரே நாளில் முடியாது. பல நாள் நடக்கும். காலையில் இத்தனை பேர், மதியம் இத்தனை பேர் என்று பிரித்து அழைப்பார்கள். அந்தப் பல நாட்களுக்குள் ஒருவரை முன்னே பின்னே நகர்த்துவதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. குழு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. கேள்வியும் அதே மாதிரிதான். கடைசி நாள் முடிந்து குழு கலைந்து விட்டால் நிலைமை வேறு. உங்கள் ஒருவருக்காக மறுபடியும் குழுவைக் கூட்ட வேண்டும். அதைச் செய்ய மாட்டார்கள்.

ஒரு உதாரணம் பார்ப்போம். அரூர் பக்கத்து வாலிபர் ஒருவர் துபாயில் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். நேர்முகம் 2-ந்தேதி தொடங்கி 13-ந்தேதி வரை நடக்கிறது. அவருக்கு 3-ந்தேதி காலை. அழைப்புக் கடிதம் இணையதளத்தில் வந்தது 10 நாள் முன்னால். கம்பெனியில் 6-ந்தேதி முதல்தான் விடுப்பு தருகிறார்கள்.

இவர் "எனக்கு வீடியோ தாங்க" என்று எழுதினால் குப்பைக் கூடைதான். "அடுத்த மாதம் வருகிறேன்" என்று எழுதினாலும் அதே கதிதான். "8-ந்தேதி முதல் 13-ந்தேதி வரை எந்த நாள், எந்த நேரம் கொடுத்தாலும் அசல் சான்றிதழோடு நேரில் வருகிறேன்" என்று எழுதினால் மட்டுமே அதிகாரி யோசிக்க இடம் இருக்கிறது. அட்டவணை மாறவில்லை, முறையும் மாறவில்லை. ஒரு பெயர் மட்டும் ஒரு வரிசையில் இருந்து இன்னொரு வரிசைக்குப் போகிறது.

ஏன் 7-ந்தேதியைச் சொல்லாமல் 8 என்று சொல்ல வேண்டும்? தர்மபுரிக்கு விமான நிலையம் கிடையாது. பெங்களூரில் இறங்கினால் தேவனஹள்ளியில் இருந்து ஊரைக் கடந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வந்து சேர மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகி விடும். விமானம் தாமதம் ஆனால் அந்த நாளும் போய் விடும். ஒரு தடவை மாற்றிக் கொடுத்து, அதையும் தவற விட்டால் இரண்டாவது தடவை வாயைத் திறக்க முடியாது.

கடிதம் நீளமாக இருக்கக் கூடாது. குடும்பக் கஷ்டம் எல்லாம் எழுத வேண்டியதில்லை. இந்த அளவு இருந்தால் போதும்:-

"ஐயா, எனது விண்ணப்ப எண் இது. எனக்கு 3-ந்தேதி காலை நேர்முகத் தேர்வு ஒதுக்கப்பட்டுள்ளது. நான் துபாயில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறேன். எனக்கு 6-ந்தேதி முதல் விடுப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது. 6-ந்தேதிக்கு விமான டிக்கெட் எடுத்துள்ளேன். தங்கள் அட்டவணையில் உள்ள 8 முதல் 13-ந்தேதி வரை எந்த நாளில் அழைத்தாலும் அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரத் தயாராக உள்ளேன். நாள் மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக் கொள்கிறேன். விசா, விடுப்புக் கடிதம், டிக்கெட் நகல் இணைத்துள்ளேன்."

இதை அறிவிப்பில் கொடுத்திருக்கிற இ-மெயிலுக்கு அழைப்பு வந்த அன்றே அனுப்ப வேண்டும். அதே கடிதத்தை அச்செடுத்து ஊரில் இருக்கிற அப்பாவோ அண்ணனோ அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைக்க வேண்டும். முத்திரை போட மறுத்தால் விரைவுத் தபாலில் ஒப்புகையோடு அனுப்பலாம்.

இவ்வளவு செய்தாலும் கிடைத்தே தீரும் என்று இல்லை. நாள் மாற்றக் கோரிக்கை ஏற்கப்படாது என்று அறிவிப்பிலேயே எழுதி இருந்தால் மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதனால் பதில் வருகிறவரைக்கும், 3-ந்தேதிக்கே வர முடியுமா என்று கம்பெனியில் கேட்டுக் கொண்டே இருக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே தேதி மாற்றிக் கொள்ளக் கூடிய டிக்கெட்டாக எடுத்தால், கொஞ்சம் காசு கூட ஆனாலும் கடைசி நேரத்தில் கைகொடுக்கும்.

எங்கே கோட்டை விடுகிறார்கள்?

போனில் கேட்பதுதான் முதல் தப்பு. அலுவலகத்தில் போனை எடுத்தவர் "பார்க்கலாம் தம்பி, வந்து பாருங்க" என்று சொல்லி இருப்பார். அதை அனுமதி என்று நினைத்து 9-ந்தேதி வந்து நின்றால், பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. போனில் சொன்னவர் யார் என்றும் தெரியாது. எழுத்தில் வராத எதுவும் அனுமதி இல்லை.

இரண்டாவது, சான்றிதழ் கையில் இல்லாமல் இருப்பது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும்போது தூதரக முத்திரைக்காக அசல் சான்றிதழை ஏஜென்டிடம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சிலரது சான்றிதழ் கம்பெனியில் இருக்கும். ஆள் மட்டும் வந்து சான்றிதழ் வராவிட்டால் அவ்வளவு செலவும் வீண். விண்ணப்பம் போட்ட உடனேயே அசல் எங்கே இருக்கிறது என்று பார்த்து வாங்கி, ஊரில் வீட்டில் வைத்து விட வேண்டும்.

மூன்றாவது, புரோக்கர். "ஆபீசில் நமக்கு ஆள் இருக்கு, தேதி மாத்தித் தரேன், பத்தாயிரம் குடு" என்று வருகிறவர்கள் எப்போதும் உண்டு. இவரிடம் ஏமாறாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. உண்மையான நாள் மாற்றம் என்றால், அது அலுவலகத்தின் சொந்த இ-மெயிலில் இருந்து வரும், அல்லது உங்கள் விண்ணப்ப எண்ணைப் போட்டால் இணையதளத்தில் புதுத் தேதியோடு அழைப்புக் கடிதம் இறங்கும். வாட்ஸ்-அப்பில் வந்த ஒரு படத்தைக் காட்டினால் அது செல்லாது. அதற்குப் பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்பு போலீசில் சொல்ல வேண்டிய விஷயம் அது.

கடைசியாக, அண்ணனுக்குப் பதில் தம்பியை அனுப்புவது. "முகம் ஒரே மாதிரிதானே இருக்கு" என்று விளையாட்டாக நினைத்து விடக் கூடாது. அது ஆள் மாறாட்டக் குற்றம். அண்ணன் வேலையும் போகும், தம்பியும் ஜெயிலுக்குப் போவான்.

கோர்ட்டுக்குப் போகலாமா?

மறுத்து விட்டார்கள் என்றால் ரிட் மனு போட வழி இருக்கிறது. தர்மபுரி மாவட்டம் மதுரைக் கிளைக்குள் வராது. சென்னை ஐகோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. தர்மபுரி கோர்ட்டு வளாகத்தில் இருக்கிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரிக்கலாம்.

ஆனால் நேரம் முக்கியம். நேர்முகம் முடிந்து, முடிவும் வெளியாகி, வேறு ஒருவர் வேலையில் சேர்ந்த பிறகு போனால் பலன் கிடைப்பது கஷ்டம். அப்போது உங்களுக்கு ஒரு இடம் தர வேண்டும் என்றால் இன்னொருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். குஜராத் பெண் சில நாட்களிலேயே கோர்ட்டுக்குப் போனதால்தான் முடிவையே நிறுத்தி வைக்க முடிந்தது.

அங்கே கேட்கப்போகும் கேள்விகளும் முன்னே சொன்னவைதான். வர முடியாதது உங்கள் கையை மீறியதா? எப்போது தெரிவித்தீர்கள்? அட்டவணைக்குள்தானே நாள் கேட்டீர்கள்? இதற்கு முன் வேறு யாருக்காவது மாற்றித் தந்திருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிய, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம். ஆனால் பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் நேர்முகம் முடிந்து போயிருக்கும். வழக்கு நடக்கிறபோது வேண்டுமானால் அந்தப் பதில் உதவும், முன்னால் உதவாது.

ஒரு வரி போதும்

இந்த விஷயத்தில் ஆள் எடுக்கிற அமைப்புகள் பக்கமும் குறை இருக்கிறது. விண்ணப்பம் வாங்கி முடித்த பிறகு நேர்முகம் எந்த மாதம் என்று கூட நிச்சயமாகத் தெரியாது. திடீரென்று ஒரு நாள் அழைப்புக் கடிதம் இணையதளத்தில் ஏறும். உள்ளூரில் இருப்பவருக்கு அது போதும். கடல் தாண்டி இருக்கிறவருக்கு ஏழு நாளில் விடுப்பும் டிக்கெட்டும் கிடைக்குமா?

இதற்குப் பெரிய மாற்றம் எதுவும் தேவை இல்லை. அட்டவணையின் கடைசியில் ஒரு நாளை விடுபட்டவர்களுக்கு என்று ஒதுக்கி, "தக்க ஆதாரத்துடன் முன்கூட்டி எழுதியவர்கள் இந்த ஒரு நாளில் மட்டும் வரலாம்" என்று அறிவிப்பிலேயே ஒரு வரி போட்டு விட்டால் போதும். பிரசவமான பெண்ணுக்கும் உதவும், விபத்தில் சிக்கியவருக்கும் உதவும், துபாயில் இருப்பவருக்கும் உதவும். எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் சலுகை என்று யாரும் வழக்கும் போட முடியாது.

அந்த வரி வருகிறவரைக்கும், வெளிநாட்டில் இருந்து விண்ணப்பம் போடுகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். அழைப்பு வந்த அன்றே எழுதுங்கள், நேரில் வருகிறேன் என்று எழுதுங்கள், அவர்கள் அட்டவணைக்குள் நாள் கேளுங்கள். அப்படிக் கேட்டவருக்கு மறுப்பு வந்தால்கூட, ஆதாரம் கையில் இருக்கும்.